அத்தையின் கல்யாண போட்டோவில் ஒளிந்திருந்த பச்சை

அத்தையின் கூறைப் புடவை அரக்கு நிறம், கரை பச்சை. அத்தை அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆனால் 1982-ல் எடுத்த கல்யாண போட்டோவில் கரை காப்பித்தூள் நிறத்தில்தான் இருக்கிறது. பந்தல் வாசலில் கட்டிய வாழைமரத்தின் இலையும் காய்ந்த பனையோலை மாதிரிப் பழுப்பாகத் தெரிகிறது. மாமாவின் தலைமுடி செங்கல் சிவப்பு. போதாக்குறைக்கு அத்தையின் தோளிலிருந்து மாமாவின் நெற்றி வரை குறுக்கே ஒரு கீறல்.

மாமாவுக்கு எழுபது வயது நிறைந்து பீமரத சாந்தி வந்தபோது, மண்டபத்தில் திரையிட ஒரு வீடியோ செய்யும் வேலை என்னிடம் வந்தது. அதில் இந்தப் போட்டோ ஆறு விநாடி வரவேண்டும். நெகட்டிவ் இருந்தால் அதைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். அது எப்போதோ தொலைந்துவிட்டது. கையில் இருந்தது ஐந்து அங்குலத்துக்கு மூன்றரை அங்குலப் பிரிண்ட் ஒன்று மட்டும். அந்த ஆறு விநாடிக்காக நான்கு நாள் உட்கார்ந்தேன். தொலைந்துவிட்டது என்று நான் நினைத்த பச்சை தொலையவில்லை, அந்தத் தாளிலேயே இருந்தது. எங்கே இருந்தது, எப்படி வெளியே வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கலர் பிரிண்ட் என்பது மை பூசிய காகிதம் இல்லை. வெள்ளைத் தாளின் மேல் ஜெலட்டின் என்னும் பசைப்பொருளில் மூன்று அடுக்குகள் இருக்கும். தாளை ஒட்டிய அடியடுக்கில் மஞ்சள் சாயம், நடுவில் மஜந்தா என்னும் ரோஜாச் சிவப்பு, மேலே சயான் என்னும் பசுநீலம். மூன்றும் சேர்ந்தும் ஒரு தலைமுடியின் தடிமனுக்கு வராது. வெளிச்சம் மேலிருந்து இறங்கி, மூன்று சாயங்களையும் கடந்து, வெள்ளைத் தாளில் பட்டு, திரும்ப மூன்றையும் கடந்து கண்ணுக்கு வருகிறது. ஒவ்வொரு சாயமும் ஒரு நிற ஒளியை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். சயான் சிவப்பு ஒளியைப் பிடிக்கும். மஜந்தா பச்சை ஒளியையும், மஞ்சள் நீல ஒளியையும் பிடிக்கும். மூன்றும் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் எதுவும் தப்பி வராது, அது கறுப்பு. எதுவும் இல்லாத இடத்தில் தாளின் வெள்ளை.

அந்தக் காலத்துக் கலர்த் தாள்களில் இந்த மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. வெயில் படும் சுவரில் மாட்டிய படத்தில் பெரும்பாலும் மஜந்தா முதலில் சோர்ந்துபோகும். பீரோவுக்குள், ஆல்பத்துக்குள், இருட்டில் இருந்த படத்தில் முதலில் போவது சயான். வெளிச்சமே படாவிட்டாலும் நம் ஊர்ச் சூடும் காற்றின் ஈரமும் அதற்குப் போதும். சயான் போனால் சிவப்பு ஒளியைப் பிடிக்க ஆள் இல்லை. அது தாளில் பட்டு அப்படியே திரும்பி வருகிறது. பழைய ஆல்பத்துப் படங்களெல்லாம் செம்மண் நிறமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சிவப்பு எங்கிருந்தும் வந்து சேரவில்லை. அதைத் தடுத்து நிறுத்திய சாயம் வெளுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இலையை அச்சிட மஞ்சளும் சயானும் வேண்டும். சயான் குறைந்தால் மஞ்சளும் உடனிருக்கும் கொஞ்சம் மஜந்தாவும் மட்டும் மிஞ்சும், அது பழுப்பு. அத்தையின் கரைக்கும் அதே கதைதான்.

வெளுத்த சயானை மீட்பதற்கு முன்னால் படத்தை ஒழுங்காகக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள். பசை தடவிய பக்கங்களுள்ள ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் நுழைத்து, ரம்பம் மாதிரி மெதுவாக அசைத்துக்கொண்டே வந்தால் பசை விட்டுக்கொடுக்கும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்துக்கொள்ளலாம். ஈரத்துணி கிட்டவே வரக்கூடாது. ஜெலட்டின் நீரைக் குடித்து உப்பி இளகிவிடும். துடைக்கும் விரலோடு முகமும் வந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

ஸ்கேனரில் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும். ஒன்று, அங்குலத்துக்கு எத்தனை பிக்சல், அதாவது படப்புள்ளி. நான் 600 வைத்தேன். அகலத்தில் 3000 புள்ளியும் உயரத்தில் 2100 புள்ளியும் கிடைத்தன. 1200 வைத்தால் கோப்பு நான்கு மடங்கு பெரிதாகும். ஆனால் கூடுதலாகக் கிடைப்பது அத்தையின் முகம் அல்ல, காகிதத்தின் சொரசொரப்பு. அந்த அளவுப் பிரிண்டில் இருக்கும் நுட்பத்தை 600 முழுவதுமாக அள்ளிவிடும்.

இரண்டாவது முடிவு, ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் எத்தனை படியாகப் பிரித்து எழுதுவது என்பது. வழக்கமான 8 பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். 16 பிட்டில் 65,536 படிகள். கண்ணுக்கு 256 படியே ஏறக்குறையப் போதும். ஆனால் வெளுத்த படத்தை நாம் இழுத்து நீட்டப்போகிறோம். பக்கத்துப் பக்கத்துப் படிகள் இரண்டு மடங்கு விலகினால் கன்னத்தின் மென்மையான நிழல் படிக்கட்டாக உடையும். அதனால் 16 பிட், டிஃப் வகைக் கோப்பு. ஸ்கேனர் தானாகச் செய்ய ஆசைப்படும் நிறத்திருத்தம், கூர்மையாக்கம், தூசி நீக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். அது செய்த திருத்தத்தை அப்புறம் பிரித்தெடுக்க முடியாது.

ஸ்கேன் திரையில் வந்ததும் வயிற்றைக் கலக்கியது. படம் முழுக்கத் தேன்கூடு மாதிரி வெள்ளைப் புள்ளிகள்! கையில் பிடித்துப் பார்த்தால் இல்லாத புள்ளிகள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் 'சில்க்' தாள் என்று ஒன்று பிரபலம். விரல் ரேகை படியாமல் இருக்க மேற்பரப்பில் நுண்ணிய மேடுகளை அழுத்தி வைத்திருப்பார்கள். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்தே அடிக்கிறது. சாயங்காலச் சூரியன் கூழாங்கற்களின் ஒரு பக்கத்தில் மட்டும் பளிச்சிடுவது போல, ஒவ்வொரு மேட்டின் ஒரு பக்கமும் மின்னியிருக்கிறது.

தீர்வு மிக எளிது. படத்தை அரைச் சுற்றுத் திருப்பி, தலைகீழாக வைத்து மறுபடி ஸ்கேன் செய்தேன். இந்த முறை மேடுகளின் மறுபக்கம் மின்னுகிறது. இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டில் எது இருட்டோ அதை மட்டும் எடுக்கச் சொன்னேன். ஜிம்ப் போன்ற மென்பொருளில் மேலடுக்கின் கலப்பு முறையை `Darken only` என்று மாற்றினால் போதும். மினுக்கம் ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒரு ஸ்கேனில் மட்டுமே இருப்பதால் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. பொருத்துவதில்தான் பொறுமை வேண்டும். ஒரு புள்ளி தள்ளியிருந்தாலும் கண்ணிமை இரட்டையாகும்.

இதே இரண்டு ஸ்கேன்களை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தபோது இன்னொரு அதிசயம் கிடைத்தது. சாயம் எந்தப் பக்கமிருந்து விளக்கடித்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆகவே கழித்தால் மறைந்துவிடும். மேடு பள்ளம் மட்டும் இரண்டிலும் வேறு வேறாகத் தெரியும். கழித்த படத்தில் அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை. தேன்கூடும் தூசியும் கீறலும் மட்டும் சாம்பல் நிறத்தில் மிதந்தன. எங்கெங்கே காயம் என்பதற்குப் படமே போட்டுக்கொடுத்த வரைபடம் அது.

மிச்சமிருந்த தேன்கூட்டை எடுக்க இருநூறு வருடப் பழைய கணிதம் உதவிக்கு வந்தது. பிரெஞ்சு அறிஞர் ஜோசஃப் ஃபூரியே 1822-ல் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஒரு நூல் எழுதினார். எவ்வளவு சிக்கலான ஏற்ற இறக்கத்தையும் ஒழுங்கான அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்பது அதன் அடிப்படை. படத்தையும் அப்படி எழுதலாம். எந்த அடர்த்தியில், எந்தத் திசையில் எவ்வளவு அலை இருக்கிறது என்று காட்டும் புதுப்படம் ஒன்று கிடைக்கும். அதில் முகங்களும் பந்தலும் நடுவிலிருந்து பரவும் மூட்டமாகத் தெரியும். ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும் தேன்கூடோ, நடுவைச் சுற்றி ஆறு கூர்மையான நட்சத்திரங்களாகத் தனித்து நிற்கும். அந்த நட்சத்திரங்கள் மேல் கறுப்புப் பொட்டு வைத்துவிட்டு மறுபடி படமாக மாற்றினால் தேன்கூடு போயே போய்விடும். படம் முழுக்கப் பரவியிருந்த ஒன்று ஆறு பொட்டில் அழிகிறது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. கட்டம் போட்ட சட்டையும் சீராகத் திரும்பி வரும் வடிவம்தான். அதன் நட்சத்திரத்தையும் சேர்த்து அழித்தால் சட்டை வெறும் துணியாகிவிடும். எது தாளின் நட்சத்திரம், எது சட்டையின் நட்சத்திரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிண்டைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தில் படம் கிடையாது, மேடு மட்டும்தான் உண்டு. அந்த ஓரத்தை மட்டும் வெட்டி இதே மாற்றத்தைச் செய்து பார்த்தால் தாளுக்கு உரிய நட்சத்திரங்கள் தனியே தெரிந்துவிடும். நம்மில் பலர் ஸ்கேன் செய்யும்போது முதலில் வெட்டி எறிவது அந்த ஓரத்தைத்தான்.

இனிப் பச்சைக்கு வருவோம். படம் சிவந்திருக்கிறது, எனவே எல்லா இடத்திலும் கொஞ்சம் சிவப்பைக் கழிப்போம் என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். முடி கறுத்தது, ஆனால் மாமாவின் வேட்டி நீலம் போட்டு அலசியது போல ஆகிவிட்டது. எங்கே தப்பு?

சாயம் வெளுப்பதை இப்படி நினைத்துப் பாருங்கள். பத்து வண்ணக் கண்ணாடித்தாள்களை அடுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு தாளும் 100 பங்கு சிவப்பு ஒளியில் 80 பங்கை விடுகிறது. பத்தையும் கடந்தால் 11 பங்குதான் மிஞ்சும். இது முடி போன்ற இருண்ட இடம். வருடங்கள் போகப் போகப் பத்தில் ஆறு தாள் போய்விட்டது. மிச்சம் நான்கு; இப்போது 41 பங்கு வெளிச்சம் வருகிறது. வெளிச்சமான ஓரிடத்தில் முதலிலேயே இரண்டு தாள்தான் இருந்தது, 64 பங்கு வந்தது. அங்கேயும் அதே விகிதத்தில் வெளுத்தால் இப்போது 84. வேட்டியிலோ தாளே இல்லை. அன்றும் 100, இன்றும் 100. இருட்டில் 30 பங்கு கூடியிருக்கிறது, நடுவில் 20, வெள்ளையில் ஒன்றுமே இல்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவு கழித்தால் வேட்டி எப்படித் தப்பும்?

பத்து நான்கானதைத் திரும்பப் பத்தாக்க, இரண்டரை மடங்கு அடுக்க வேண்டும். வெளிச்சத்தின் கணக்கில் இதற்குப் பெயர் இரண்டரையாம் அடுக்கு. அந்த 41 பங்கை 0.41 என்று எழுதி இரண்டரையாம் அடுக்குக்கு உயர்த்தினால் 0.11 கிடைக்கும். பழைய இடத்துக்கே வந்துவிட்டோம். 1 என்பதை எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் 1தான். வேட்டி வெள்ளையாகவே நிற்கும். இந்தக் கணக்கைச் செய்யும் கருவி எல்லாப் பட மென்பொருளிலும் இருக்கிறது. `Levels` பெட்டியில் மூன்று முக்கோணங்கள் இருக்குமே, அதில் நடுவில் உள்ளது. அதன் எண்ணுக்குக் காமா என்று பெயர். 0.4 என்று வைத்தால் இரண்டரையாம் அடுக்கு என்று பொருள். எல்லா நிறத்துக்கும் சேர்த்து நகர்த்தாமல், சிவப்பு வண்ணத்தடத்தில் மட்டும் நகர்த்த வேண்டும்.

என் படத்தில் வேட்டியின் சிவப்பு எண் 245. முதலில் அதை 255 ஆக்கினேன். மாமாவின் முடியில் சிவப்பு 120, பச்சை 38, நீலம் 36 என்று இருந்தது. அன்று அவர் முடி கறுப்பு என்பது ஊருக்கே தெரியும். கறுப்பில் மூன்று எண்களும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். முக்கோணத்தை மெல்ல நகர்த்தி 0.4-க்கு வந்தபோது சிவப்பு 43-ல் நின்றது. மென்பொருளுக்குப் பதில் ஒரே வரியில் செய்ய விரும்புபவர்கள் இமேஜ்மேஜிக் கருவிக்கு இப்படிச் சொல்லலாம்:

```
magick scan.tif -channel R -level 0%,96%,0.4 +channel out.tif
```

இந்த 96% என்பது 255-ல் 245.

இப்போது வாழையிலையைப் பார்த்தேன். ஸ்கேனில் அதன் எண்கள் 175, 128, 60, சுத்தமான பழுப்பு. திருத்திய பின் 110, 128, 60. பச்சை எண் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. மேலே நின்ற சிவப்பு இறங்கியதும் இலை பச்சையாகிவிட்டது. புடவைக் கரையும் அப்படித்தான். நான் இலையையும் கரையையும் தொடவே இல்லை, மாமாவின் முடியை மட்டும் சரிசெய்தேன். சாயம் எங்கும் ஒரே விகிதத்தில் வெளுத்திருந்ததால் ஓரிடத்தில் கிடைத்த எண் எல்லா இடத்துக்கும் பொருந்திவிட்டது.

அத்தை பீரோவிலிருந்து அந்தப் புடவையையே எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். திரையில் அரக்கு கொஞ்சம் ஆரஞ்சு சாய்ந்திருந்தது. தாளின் வெள்ளைப் பகுதிக்குக் காலத்தில் ஏறிய மஞ்சள் கறை அது. நீலத் தடத்தில் வெள்ளை முனையைச் சற்று இழுத்ததும் சரியானது. பழைய படத்துக்கு நிறம் பார்க்கும்போது முகத்தை நம்பக் கூடாது. முகநிறம் ஆளுக்கு ஆள், வெயிலுக்கு வெயில் மாறும். வேட்டி, முடி, இலை, முடிந்தால் அதே புடவை. இவைதான் சாட்சி.

இந்த மீட்புக்கு ஓர் எல்லை உண்டு. இருண்ட இடத்தில் பத்தில் நான்கு தாள் மிஞ்சியது. கன்னத்தின் ஒளிபட்ட ஓரத்தில் முதலிலேயே ஒரு தாளின் கால்பங்குதான் இருந்திருக்கும். அதில் மிஞ்சியது காகிதத்தின் சொரசொரப்புக்குக் கீழே போய்விட்டது. இரண்டரை மடங்கு இழுத்தால் கன்னத்தோடு சொரசொரப்பும் சேர்ந்து வரும். அத்தையின் கன்னத்தில் அப்படித் திட்டுத் திட்டாக வந்தது. அங்கே மட்டும் சிவப்புத் தடத்தை மெல்ல மங்கலாக்கி, நுட்பத்தைப் பச்சைத் தடத்திடமிருந்து வாங்கிக்கொள்ள விட்டேன். ஒரு தடம் நொண்டினால் மற்றது தோள் கொடுக்கும்.

கீறலிலும் இதேதான். அத்தையின் தோளிலிருந்து மாமாவின் நெற்றிக்குப் போகும் அந்தக் கோட்டை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே கோடு மூன்று நிறமாக இருந்தது! தோளருகே சிவப்பு, நடுவில் மஞ்சள், நெற்றியில் வெள்ளை. அடுக்குகளின் வரிசையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மேலே சயான், நடுவில் மஜந்தா, அடியில் மஞ்சள். லேசாகக் கீறினால் சயான் மட்டும் போகும். கீழே இருக்கும் மஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து சிவப்பாகத் தெரியும். இன்னும் அழுத்தினால் மஜந்தாவும் போய் மஞ்சள் மட்டும். தாள் வரை இறங்கினால் வெள்ளை. கீறலின் நிறமே அதன் ஆழம். எதுவோ கூரான ஒன்று தோளில் மெல்ல விழுந்து நெற்றியில் அழுத்தி நின்றிருக்கிறது.

இதில் பயன் என்ன? சிவப்பாகத் தெரியும் கீறலுக்கு அடியில் பச்சைத் தடமும் நீலத் தடமும் பழுதில்லாமல் இருக்கின்றன. புடவையின் ஜரிகைக் கண்ணிகள் அங்கே முழுசாக உள்ளன. சிவப்புத் தடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் போதும். மூன்று தடங்களையும் சேர்த்து அழித்து, பக்கத்துத் துணியை வெட்டி ஒட்டுவது நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்குவதற்குச் சமம். மஞ்சள் பகுதியில் இரண்டு தடங்களுக்கு வேலை. நெற்றியில் மட்டும்தான் எல்லாமே போயிருந்தது.

எல்லாம் போன இடத்தை நிரப்பும் கருவியும் ஃபூரியேயின் வெப்பத்துக்கே உறவு. பள்ளத்தைச் சுற்றி நிற்கும் புள்ளிகளைச் சூடான, குளிர்ந்த சுவர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உள்ள ஒவ்வொரு புள்ளியும் தன் அக்கம்பக்கத்தின் சராசரியாக ஆகும்வரை காத்திருந்தால் வெப்பம் சீராகப் பரவி நிற்கும். ஒரு கரையில் 100, மறு கரையில் 180, நடுவில் மூன்று காலி இடம் என்றால் 120, 140, 160 என்று நிரம்பும். மெல்லிய கோட்டுக்கு இதுவே போதும். அகலமான காயத்தில் இப்படிச் செய்தால் நெற்றி பளிங்கு மாதிரி வழுவழுக்கும். பார்த்தவுடன் ஒட்டு தெரிந்துவிடும்.

அதற்குத்தான் 2002-ல் ஃபோட்டோஷாப்பில் குணப்படுத்தும் தூரிகை என்ற ஒன்று வந்தது. இன்று ஜிம்பிலும் `Heal` என்ற பெயரில் இருக்கிறது. அது வேறொரு நல்ல இடத்திலிருந்து தோலை எடுக்கும், ஆனால் அதன் நிறத்தை எடுக்காது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது சொரசொரப்பை மட்டும் எடுத்துவரும். நிறத்தையும் வெளிச்சத்தையும் காயத்தின் கரைகளிலிருந்து வெப்பம் போலப் பரவவிடும். நெற்றியின் வலப்பக்கத்துத் தோலை இடப்பக்க நிழலில் வைத்தாலும் அது நிழலுக்குள் அடங்கிவிடுவது இதனால்தான். தலைமுடி தொடங்கும் ஓரத்தில் மட்டும் இந்தத் தூரிகை ஏமாறும். கறுப்பும் கரையிலிருந்து பரவித் தோலில் மை கசிந்தது போல ஆகும். அங்கே வெட்டி ஒட்டும் பழைய `Clone` கருவிதான் சரி.

தூசிப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பொறுமை இழந்து அவற்றுக்கு ஒரு தானியங்கி வடிகட்டியைப் போட்டேன். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ளவற்றோடு சேர்த்து உயர வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் எண்ணை அதற்குக் கொடுப்பது அதன் வேலை. இதற்கு இடைநிலை வடிகட்டி என்று பெயர். சுற்றிலும் இருட்டாக இருக்க ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் அது நடுவுக்கு வரவே முடியாது, காணாமல் போகும். படம் கண்ணாடியாகிவிட்டது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் மூக்குத்தி எங்கடா?”

நான்கு புள்ளி அகலத்தில் இருந்த மூக்குத்தியின் மினுக்கத்தை வடிகட்டி தூசி என்று துடைத்திருந்தது. மாமாவின் கண்மணியிலிருந்த ஒளிப்பொட்டையும் சேர்த்துத்தான். கண் செத்துப்போயிருந்தது, எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, முன்பு கழித்து வைத்திருந்த வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகக் கையால் எடுத்தேன். வரைபடத்தில் தெரியும் பொட்டு தாளின் மேல் உட்கார்ந்த தூசி. வரைபடத்தில் தெரியாத பொட்டு படத்துக்குள் இருக்கும் பொட்டு, அதைத் தொடக்கூடாது. மூக்குத்தி அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை. முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

கீழ் மூலையில் ஒரு துண்டு கிழிந்துபோயிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பையனின் பாதி முகம் அதோடு போயிருந்தது. அதை வரைந்து நிரப்ப எனக்கு மனமில்லை. யார் முகம் என்று தெரியாமல் ஒரு முகத்தை உண்டாக்கி அத்தையின் கல்யாணத்தில் உட்கார வைக்க நான் யார்? இங்கே வீடியோவின் சட்டகமே கைகொடுத்தது. திரை 16-க்கு 9 என்ற விகிதம். பிரிண்ட் அதைவிட உயரம். 3000 புள்ளி அகலத்தை முழுதாக வைத்தால் உயரத்தில் 1687 புள்ளிதான் வேண்டும். 2100-ல் 413 புள்ளி, தாளின் கணக்கில் பதினேழரை மில்லிமீட்டர், எப்படியும் வெளியே போகும். அது மொத்தத்தையும் கீழ்ப்பக்கத்திலேயே வெட்டினேன். கிழிந்த மூலை சட்டகத்துக்கு வெளியே போனது. எந்தப் பகுதி திரைக்கு வரப்போகிறது என்று முதலிலேயே கட்டம் போட்டுக்கொண்டால், வராத இடத்துக்குத் தைலம் பூசும் வேலை மிச்சமாகும்.

அசையாத படத்தைத் திரையில் உயிரோட்டமாகக் காட்ட மெல்ல அருகே போவது வழக்கம். கென் பர்ன்ஸ் என்ற அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் 1990-ல் தம் நாட்டு உள்நாட்டுப் போரைப் பற்றிய தொடரில் இதை மிக அழகாகப் பயன்படுத்தியதால் அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு அருகே போகலாம் என்பதைப் புள்ளிக்கணக்கு சொல்லும். திரைக்கு 1920 புள்ளி வேண்டும், என்னிடம் 3000. ஆக ஒன்றரை மடங்கு வரை போகலாம். அதற்குமேல் போனால் இல்லாத புள்ளிகளை மென்பொருள் கற்பனை செய்யத் தொடங்கும்.

நான் ஆறு விநாடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் அருகே போனேன். விநாடிக்கு 25 சட்டகம் என்றால் மொத்தம் 150 சட்டகம். ஓரங்களில் ஒரு சட்டகத்துக்குப் படம் நகர்வது ஒரு புள்ளிக்கும் குறைவு, ஏறக்குறைய நூறில் அறுபத்து நான்கு பங்கு. சில மென்பொருள்கள் இதை முழுப் புள்ளியாக மாற்றிக்கொள்ளும். அப்போது படம் மாட்டுவண்டியில் போவது போலக் குலுங்கும். எஃப்எஃப்எம்பெக் கருவியின் `zoompan` அப்படித்தான் செய்யும். படத்தை முதலில் 8000 புள்ளி அகலத்துக்குப் பெரிதாக்கிவிட்டு நகர்த்தினால், அங்கே ஒரு புள்ளி தள்ளாட்டம் திரையில் கால் புள்ளியாகச் சுருங்கி கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

கடைசியாக ஒன்று. அசையாதபோது அற்புதமாக இருந்த ஜரிகை, அசையத் தொடங்கியதும் எறும்பு ஊர்வது போல மினுமினுத்தது. ஒரு திரைப்புள்ளியைவிட மெல்லிய இழை ஒரு சட்டகத்தில் இந்தப் புள்ளியில் விழும், அடுத்ததில் பக்கத்துப் புள்ளியில். அதனால் மின்னி மின்னி மறையும். படத்தை நான் கூர்மையாக்கியிருந்ததுதான் குற்றம். அச்சுக்கு அழகு சேர்க்கும் கூர்மை வீடியோவுக்கு எதிரி. கூர்மையை எடுத்துவிட்டு, ஒரு புள்ளிக்கும் குறைவான அளவில் மங்கலாக்கினேன். நிறுத்திப் பார்த்தால் சற்று மெத்தென்று இருக்கும். ஓடவிட்டால் ஜரிகை ஜரிகையாகவே இருக்கும். தீர்ப்பை எப்போதும் ஓடும் படத்தில்தான் சொல்ல வேண்டும்.

விழா நாளில் மண்டபத்து விளக்கை அணைத்தார்கள். அந்தப் போட்டோ திரையில் வந்தபோது அத்தை பக்கத்தில் இருந்த தன் தங்கையின் கையைத் தட்டி, “பாத்தியா, கரை பச்சைதானே” என்றார். பிரிண்டை நான் பசை ஆல்பத்தில் திரும்ப வைக்கவில்லை. வெள்ளைக் காகித உறைக்குள் போட்டு, உறையின் மேல் பென்சிலால் 1982 என்று எழுதி, அதே கூறைப் புடவையின் மடிப்புக்குப் பக்கத்தில், பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.